பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்தது: ஏடிஎம் ரிவர்சல் எப்போது வரும், ஏன் தாமதமாகிறது?

கேள்வி: ஏடிஎம்மில் பணம் எடுக்கப் போனேன். பணம் வரவே இல்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டதாக எஸ்எம்எஸ் வந்துவிட்டது. தராத பணத்தை எப்படிக் கழிக்கிறார்கள்? இதே மாதிரி நண்பருக்கு நடந்தபோது இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது, எனக்கு நான்கு நாளாகியும் வரவில்லை. ஏன் இந்த வித்தியாசம்?

பதில்:

ஏடிஎம் கணக்குகளை ஒத்துப்பார்க்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். தினமும் காலையில் மேசைக்கு வந்த புகார்களில் பாதிக்கு மேல் இதே வகைதான். பணம் எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது. "நான் பணம் கொடுக்கவில்லை" என்று இயந்திரத்தால் சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்ததா? முடிந்தால், நிமிடங்களில் திரும்பும். முடியாவிட்டால், யாராவது பெட்டியைத் திறந்து தாள்களை எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் நண்பருக்கு நடந்தது முதல் வகை. உங்களுக்கு நடந்தது அநேகமாக இரண்டாவது.

கணக்கில் கழிப்பது ஏன் முதலில் நடக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். தொகையை அழுத்தியதும் இயந்திரம் ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. அது இயந்திரத்தை நடத்தும் வங்கியின் ஸ்விட்சுக்கு, அதாவது இந்தச் செய்திகளை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பும் கணினிக்குப் போகும். கார்டு வேறு வங்கியுடையது என்றால், அங்கிருந்து இரண்டு வங்கிகளையும் இணைக்கும் நெட்வொர்க் வழியாக உங்கள் வங்கிக்குப் போகும். உங்கள் வங்கி பின் எண்ணையும் இருப்பையும் சரிபார்த்து, அந்த நொடியிலேயே தொகையைக் கழித்துவிட்டு, "சரி, கொடுக்கலாம்" என்று பதில் அனுப்பும். எஸ்எம்எஸ் கிளம்புவது இந்த இடத்தில்தான். அந்த நேரத்தில் இயந்திரத்துக்குள் ஒரு தாள்கூட அசைந்திருக்காது. பதில் வந்த வழியே திரும்பிப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும்.

முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் கழித்தால் என்ன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பணம் கையில் போன பிறகு லைன் அறுந்தால், அதைத் திரும்ப வாங்க வழியே கிடையாது. கழித்த பிறகு லைன் அறுந்தால், கழித்ததைத் திருப்பி எழுதலாம். திருத்தக்கூடிய தவறு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்வதுதான் இந்த வரிசை. அந்தச் சில நாள் சிரமம் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது என்பதும் உண்மை. அதனால்தான் பல நாடுகளில் இதற்குக் காலக்கெடு விதித்திருக்கிறார்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் செய்திகள் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 8583 என்ற தரத்தின்படி எழுதப்படுகின்றன. பணம் கேட்கும் செய்திக்கு 0200 என்று எண். அதற்கான பதில் 0210. கழித்ததைத் திருப்பு என்று சொல்லும் ரிவர்சல் செய்தி பெரும்பாலும் 0420. ரிவர்சல் கிடைத்தது என்ற ஒப்புதல் 0430. இந்த நான்கு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. 0200-க்கும் தாள் வெளியே வருவதற்கும் இடையில் பாதை எந்த இடத்தில் அறுந்தது என்பதுதான் கேள்வி.

0200 உங்கள் வங்கிக்குப் போய்ச் சேரும் முன்பே அறுந்திருந்தால் பிரச்சினையே இல்லை. எதுவும் கழிந்திருக்காது.

போய்ச் சேர்ந்து, கழிந்து, பதிலாக வந்த 0210 மட்டும் வழியில் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் ஒரு கடிகாரத்தோடு காத்திருக்கும். வழக்கமாக சில பத்து நொடிகள். அதற்குள் பதில் வராவிட்டால் "டைம்அவுட்" என்று முடிவெடுத்து இயந்திரத்திடம் பணம் கொடுக்காதே என்று சொல்லிவிடும். ஆனால் அந்தப் பக்கம் கழிந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. அதனால் பாதுகாப்புக்காக ஒரு 0420 அனுப்பும்: ஒருவேளை கழித்திருந்தால் திருப்பிவிடு. கழிக்கவே இல்லை என்றால் உங்கள் வங்கி அதைப் பார்த்து, திருப்ப ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடும். கழித்திருந்தால் அசல் பரிவர்த்தனையைத் தேடிப் பிடித்துத் திருப்பி எழுதும். இரண்டே நிமிடத்தில் இரண்டாவது எஸ்எம்எஸ் வருவது இப்படித்தான்.

அந்த 0420-உம் வழியில் தொலைந்தால்? ஸ்விட்ச் அதைத் தன்னிடம் எழுதி வைத்துக்கொண்டு, 0430 என்ற ஒப்புதல் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும். லைன் ஒரு மணி நேரம் செத்துக் கிடந்தால் ரிவர்சல் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கும். லைன் உயிர் பெற்றதும் குவிந்து கிடந்ததெல்லாம் ஒரேயடியாகப் போகும். நள்ளிரவில் திடீரென்று பணம் திரும்பியதாக எஸ்எம்எஸ் வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். சில சமயம் ஒரு விபரீதமும் நடக்கும். அசல் கோரிக்கை எங்கோ நெரிசலில் மாட்டி, ரிவர்சல் அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் வங்கியின் கணினி தேடும், அசலைக் காணோம், ரிவர்சலை ஒதுக்கிவிடும். ஐந்து நொடி கழித்து அசல் வந்து கழியும். இப்போது திருப்பச் சொல்ல யாருமில்லை. நல்ல அமைப்புகள் முந்தி வந்த ரிவர்சலை நினைவில் வைத்திருந்து, பின்னால் வரும் அசலை மறுக்கும். எல்லா அமைப்பும் அப்படி இல்லை. அப்படிப்பட்டது மறுநாள் ஒத்துப்பார்க்கும்போதுதான் மாட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் செய்தி தொலைவது. அடுத்தது இயந்திரத்தின் உள்ளே.

"கொடு" என்ற உத்தரவு வந்ததும் தாள்களை அடுக்கி வைத்திருக்கும் கேசட் என்ற பெட்டிகள் ஒவ்வொன்றிலிருந்தும் தாள்கள் ஒவ்வொன்றாக இழுக்கப்பட்டு உருளைகளுக்கு இடையே ஓடும். வழியில் சென்சார் ஒவ்வொரு தாளின் தடிமனையும் அளக்கும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தால் அதைக் கண்டுபிடித்து, தள்ளுபடிப் பெட்டி ஒன்றில் போட்டுவிட்டு, பதிலுக்குப் புதிதாக எடுக்கும். எல்லாத் தாளும் ஓரிடத்தில் அடுக்கப்பட்ட பிறகுதான் கட்டாக வாய்க்கு நகர்த்தப்படும், கதவு திறக்கும். பணம் எடுக்கும்போது டர்ர்... டர்ர்... என்று கேட்கும் சத்தம் இந்த எடுப்பும் அடுக்கும்தான். அந்தச் சத்தம் வழக்கத்தைவிட நீளமாக, திரும்பத் திரும்பக் கேட்டால் ஏதோ தாள் சிக்குகிறது என்று அர்த்தம்.

அடுக்கும்போதே சிக்கல் வந்தால் இயந்திரம் கதவைத் திறக்காமலே எல்லாவற்றையும் தள்ளுபடிப் பெட்டிக்குள் கொட்டிவிட்டு, ஸ்விட்சுக்குத் தெளிவாக ஒரு பிழைச் செய்தி அனுப்பும்: தாள் வெளியே போகவில்லை. இதுதான் உங்கள் நண்பருக்கு நடந்திருக்கக்கூடிய இன்னொரு வகை. கதவு திறக்கவில்லை என்பது உறுதி, அதனால் ஸ்விட்ச் உடனே 0420 அனுப்புகிறது. ஒரு பகுதித் தாள் மட்டும் வெளியே வந்தால், அந்த ரிவர்சலிலேயே உண்மையில் கொடுத்த தொகையை எழுதி, மீதியை மட்டும் திருப்பச் சொல்லவும் வழி இருக்கிறது.

கதவு திறந்துவிட்டால் கதை மாறும். நீங்கள் தாள்களை எடுக்காமல் விட்டீர்கள் என்றால், பல இயந்திரங்கள் சில பத்து நொடிகள் காத்திருந்து கட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே இழுத்தேன் என்று ஸ்விட்சிடம் சொல்லவும் செய்யும். ஆனால் எத்தனை தாள் திரும்பி வந்தது என்று எண்ணிச் சொல்லப் பெரும்பாலான இயந்திரங்களுக்கு முடியாது. கட்டின் நடுவிலிருந்து சில தாள்களை உருவிக்கொண்டு மீதியை அப்படியே விட்டுவிட்டு, முழுத் தொகைக்கும் ரிவர்சல் வாங்கும் மோசடி ஒரு காலத்தில் பல இடங்களில் நடந்தது. அதனால் சில வங்கிகள் உள்ளிழுக்கும் வசதியையே அணைத்துவிட்டன. மற்றவை உள்ளிழுத்த பரிவர்த்தனைக்குத் தானாக ரிவர்சல் தராமல், பெட்டியை எண்ணிய பிறகே தருகின்றன. எடுக்க மறந்துவிட்டு வந்தவருக்குத் தாமதமாவது இதனால்தான்.

இப்போது எல்லாவற்றையும்விடக் கடினமான இடத்துக்கு வருவோம். இயந்திரம் எதையுமே சொல்லாமல் போய்விடுவது. ஒரு உதாரணத்தை நொடி நொடியாகப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை. வேறு வங்கியின் இயந்திரத்தில் ஒருவர் 4,000 கேட்கிறார். 500 மதிப்புள்ள தாள்களில் 8. இயந்திரம் நடப்பதையெல்லாம் தனக்குள்ளேயே ஒரு பதிவில் எழுதிக்கொண்டே போகும். மின்னணு ஜர்னல் என்று அதைச் சொல்வோம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வடிவம் மாறும். சுருக்கி எழுதினால் அன்றைய வரிகள் இப்படி இருக்கும்:

```
18:42:31 REQUEST   AMT 4000  SEQ 7316
18:42:33 APPROVED  RESP 00
18:42:36 DISPENSE  TYPE1 08
18:42:39 POWER FAIL
18:46:12 POWER UP
18:46:50 DISPENSER RESET, NOTES TO REJECT
```

இரண்டாவது வரியில் உங்கள் வங்கி கழித்துவிட்டது. மூன்றாவது வரியில் 8 தாள் எடுக்க மோட்டார் ஓடத் தொடங்கியது. மூன்று நொடி கழித்து மின்சாரம் போய்விட்டது. அப்போது 6 தாள் வழியில் இருந்தன, 2 இன்னும் கேசட்டை விட்டு வரவில்லை. திரை இருண்டது. நான்கு நிமிடம் கழித்து இயந்திரம் மீண்டும் எழுந்து, வழியில் நின்ற 6 தாள்களையும் தள்ளுபடிப் பெட்டியில் தள்ளிவிட்டுத் தன்னைச் சுத்தம் செய்துகொண்டது. சாதாரணமாக முடிந்த ஒரு பரிவர்த்தனையில் இதே இடத்தில் NOTES PRESENTED, NOTES TAKEN என்று இரண்டு வரி இருக்கும். தாள்கள் வாய்க்கு வந்தன, ஆள் எடுத்துக்கொண்டார் என்று பொருள். இங்கே அந்த இரண்டு வரியும் இல்லை.

ஜர்னலைப் பார்க்கும் நமக்கு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் 18:42:40-இல் ஸ்விட்சின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். "கொடு" என்று உத்தரவு அனுப்பியாயிற்று. கொடுத்தேன் என்றும் செய்தி இல்லை, கொடுக்கவில்லை என்றும் செய்தி இல்லை. லைன் அறுந்திருக்கிறது. தாள்களைக் கொடுத்து முடித்து, அந்தச் செய்தியை அனுப்பும் முன் லைன் போயிருந்தாலும் ஸ்விட்சுக்கு இதே மௌனம்தான் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்க அதனிடம் எந்தத் தகவலும் இல்லை. இன்னும் ஒரு ஒப்புதல் செய்தியைச் சேர்த்தால் தீருமா என்றால், தீராது. அந்தக் கடைசிச் செய்தியும் தொலையலாம். எத்தனை சேர்த்தாலும் கடைசி ஒன்று எப்போதும் இருக்கும். கம்பி வழியே பேசும் இரண்டு இயந்திரங்களுக்கு இடையே இந்த ஓட்டையை முழுவதும் அடைக்க முடியாது, சின்னதாக்கத்தான் முடியும்.

சின்னதாக்க ஒரு வழி உண்டு. சில இயந்திரங்கள் அடுத்த வாடிக்கையாளரின் கோரிக்கையை அனுப்பும்போது, முந்தைய பரிவர்த்தனையின் வரிசை எண்ணையும் அது எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்தே அனுப்பும். ஸ்விட்ச் அதைப் படித்து, 7316 நல்லபடி முடியவில்லை என்று தெரிந்துகொண்டு ரிவர்சல் அனுப்பலாம். ஆக, உங்களுக்குப் பின்னால் வந்த முன்பின் தெரியாத ஒருவர் கார்டைச் செருகியதால் உங்கள் பணம் திரும்பக்கூடும். ஆனால் எல்லா ஸ்விட்சும் இதைப் பயன்படுத்துவதில்லை. மௌனம் என்றால் சந்தேகப் பட்டியலில் போடு, எண்ணிப் பார்த்து முடிவு செய் என்பதே பலரது விதி. நம் உதாரணத்தில் அந்த விதிதான்.

சரி, இனி நாட்கள். அன்று இரவு நெட்வொர்க் அன்றைய கணக்கை முடிக்கிறது. அதன் பார்வையில் 7316 ஒரு வெற்றிகரமான பரிவர்த்தனை. அதனால் உங்கள் வங்கி அந்த 4,000-ஐ இயந்திரத்தின் வங்கிக்குக் கொடுத்துத் தீர்க்கிறது. இந்தக் கணத்திலிருந்து உங்கள் பணம் உங்கள் வங்கியிடம் இல்லை. கிளை அலுவலரிடம் போய்க் கேட்டால் "எங்களிடம் வெற்றி என்றுதான் காட்டுகிறது" என்று சொல்வது இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்க்கும் திரையில் அப்படித்தான் இருக்கிறது.

சனி, ஞாயிறு எதுவும் நகராது. திங்கட்கிழமை பணம் நிரப்பும் குழு வந்து பெட்டிகளைத் திறக்கிறது. 500 தாள் கேசட்டில் முந்தைய முறை 2,000 தாள் வைத்திருந்தார்கள். ஸ்விட்ச் கணக்கின்படி 7316-ஐயும் சேர்த்து 1,460 தாள் வெளியே போயிருக்கிறது. அப்படியானால் 540 மீதி இருக்க வேண்டும். எண்ணினால் கேசட்டில் 538, தள்ளுபடிப் பெட்டியில் 10, ஆக 548. அந்தப் பத்தில் நம்முடைய 6, மற்ற 4 ஒட்டிக்கொண்டு வந்ததற்காகத் தள்ளப்பட்டவை. இருக்க வேண்டியதைவிட 8 தாள் கூடுதல், சரியாக 4,000. நம்மவருக்குப் போகாத பணம் இதோ, கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி கிடைத்துவிட்டது.

எண்ணிக்கைத் தாள், ஜர்னல், ஸ்விட்ச் பதிவு, நெட்வொர்க்கின் தீர்வுக் கோப்பு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நாங்கள் செய்த வேலை. செவ்வாய்க்கிழமை அந்த ஒப்பீடு முடிந்து, கூடுதல் 4,000 பரிவர்த்தனை 7316-க்குச் சேர்ந்தது என்று எழுதப்படும். இயந்திரத்தின் வங்கி நெட்வொர்க் வழியாகத் திருத்தம் அனுப்பும். அது புதன்கிழமைத் தீர்வில் சேர்ந்து உங்கள் வங்கிக்குப் போகும். அன்றோ மறுநாளோ உங்கள் கணக்கில் வரவாகும். வெள்ளி மாலை முதல் வியாழன் வரை. நடுவில் யாரும் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இவ்வளவு நாள் பிடிக்கிறது. இயந்திரம் உங்கள் சொந்த வங்கியுடையது என்றால் இரண்டு வங்கிகளுக்கு இடையிலான தீர்வு தேவையில்லை, எண்ணி முடித்த அன்றே வரவு வைத்துவிடலாம். முடிந்தவரை சொந்த வங்கி இயந்திரத்தில் எடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

விதிகள் வகுத்த காலக்கெடுவும் இந்த நாட்கணக்கோடு ஒட்டித்தான் இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கணக்கில் கழிந்து பணம் வராத ஏடிஎம் பரிவர்த்தனையை நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. அமெரிக்காவில் ரெகுலேஷன் ஈ என்ற விதி வேறு மாதிரி யோசிக்கிறது. புகார் வந்த 10 வேலை நாளுக்குள் வங்கி விசாரித்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அதற்குள் தற்காலிகமாகப் பணத்தை வரவு வைத்துவிட்டு, பொதுவாக 45 நாள் வரை விசாரிக்கலாம். ஆனால் அங்கே தவறு இடம்பெற்ற ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வாடிக்கையாளர் சொல்லியாக வேண்டும். முதலாவது வங்கியின் வேகத்தைப் பிடித்து இழுக்கிறது, இரண்டாவது காத்திருக்கும் காலத்தில் பணம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. என்னைக் கேட்டால் அவசரத்துக்குப் பணம் எடுக்க வந்தவருக்கு இரண்டுமே வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். சில கார்டுகளில், முக்கியமாக வெளிநாட்டில் எடுக்கும்போது, முதலில் தொகை கழிவதில்லை, தடுத்து மட்டும் வைக்கப்படும். கணக்கில் அது "நிலுவை" என்று தெரியும். பின்னால் வரும் தீர்வுக் கோப்பில் அந்தப் பரிவர்த்தனை இருந்தால்தான் உண்மையில் கழியும். பணம் வராமல் போய், ரிவர்சலும் தொலைந்தால், தீர்வுக் கோப்பில் அது வராது, சில நாளில் தடுப்பு தானாக விலகிவிடும். அதனால் புகார் கொடுக்கும் முன் அது நிலுவையா, முடிந்த கழிவா என்று பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

மேலே சொன்ன 8 தாள் கூடுதல் எல்லா நேரமும் இவ்வளவு அழகாக ஒத்துவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்கு மறக்காத ஒரு புகார் இருக்கிறது. ஒரு பெரியவர், இதே மாதிரி 8 தாள் விவகாரம். இயந்திரத்தை நடத்திய வங்கி "கூடுதல் 3 தாள்தான் இருக்கிறது, உங்கள் தொகையோடு ஒத்துப்போகவில்லை" என்று மறுத்துவிட்டது. அவர் விடவில்லை, மூன்றாவது முறையாக வந்தார். நான் ஜர்னலை வரவழைத்துப் பார்த்தேன். அவருடைய வரிசையில் NOTES PRESENTED இல்லவே இல்லை. தோண்டிப் பார்த்ததில், நிரப்பியபோதே ஒரு கட்டில் 5 தாள் குறைவாக இருந்திருக்கிறது. 8 கூடுதலும் 5 குறைவும் ஒன்றையொன்று தின்று 3 ஆக நின்றுவிட்டன. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர் அவருடைய கோரிக்கையை நிராகரித்துவிட்டார். பணம் அவருக்கு முழுமையாகத் திரும்பியது, ஆனால் ஐந்து வாரம் கழித்து. அவர் மூன்றாவது முறை வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கும்.

அதனால், "பரிசீலித்தோம், பரிவர்த்தனை வெற்றி" என்று பதில் வந்தால் அத்தோடு விடாதீர்கள். எதை வைத்து வெற்றி என்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்விட்ச் பதிவில் பதில் குறியீடு 00 என்று இருப்பது உங்கள் வங்கி அனுமதி கொடுத்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. தாள் வெளியே வந்ததற்கு அது சாட்சி ஆகாது. அதற்கு ஜர்னலில் தாள் வாய்க்கு வந்த வரியும், எடுக்கப்பட்ட வரியும் வேண்டும். அதோடு அந்த நிரப்பும் சுற்றின் எண்ணிக்கைத் தாளும், தேவைப்பட்டால் கேமராப் பதிவும். கேமராப் பதிவை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் புகாரைத் தாமதிக்காமல் கொடுத்து, அதிலேயே பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஜர்னலும் ஏமாறக்கூடிய ஒரு நிலைமை உண்டு. பணம் வரும் வாயில் போலியான ஒரு மூடியை ஒட்டி வைத்துவிடுவார்கள். இயந்திரம் தாள்களை ஒழுங்காக வெளியே தள்ளும், அவை அந்த மூடிக்குப் பின்னால் பசையில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பணம் வரவில்லை என்று நினைத்துக் கிளம்பியதும், ஒட்டியவர் வந்து மூடியோடு பிய்த்து எடுத்துக்கொள்வார். இந்த நிலைமையில் கழிந்தது சரி, எண்ணிக்கையும் சரியாக இருக்கும், ரிவர்சல் தானாக வராது. டர்ர் சத்தம் வழக்கம்போல் முழுதாகக் கேட்டு, கதவு நகரும் சத்தமும் கேட்டு, பணம் மட்டும் தெரியவில்லை என்றால் அங்கிருந்து நகராதீர்கள். வாயின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். ஆடுகிறதா, மற்ற பகுதியிலிருந்து நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். அங்கேயே நின்றபடி வங்கியின் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைவிட உங்கள் கார்டின் பின்பக்கம் அச்சடித்த எண்ணே பாதுகாப்பானது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு நாளாகிவிட்டது என்கிறீர்கள், அப்படியானால் தானியங்கி ரிவர்சல் இனி வராது. அது வருவதாக இருந்தால் அநேகமாக முதல் நாளே வந்திருக்கும். இப்போது எண்ணிக்கையும் ஒத்துப்பார்த்தலும்தான் பாக்கி. முதலில் ஸ்டேட்மென்ட்டை முழுதாகத் திறந்து பாருங்கள். திரும்பிய பணம் சில சமயம் எஸ்எம்எஸ் இல்லாமலே தனி வரவாக, வேறு தேதியில் உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் உங்கள் கார்டைக் கொடுத்த வங்கியில் புகார் பதியுங்கள். இயந்திரத்தின் வங்கியிடம் போனால் நீங்கள் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது, அலைச்சல்தான் மிஞ்சும். புகாரில் தேதி, நிமிடம் வரைக்குமான நேரம், தொகை, இயந்திரத்தின் எண், சீட்டிலோ ஸ்டேட்மென்ட்டிலோ RRN என்று இருக்கும் 12 இலக்க எண், இவை இருக்கட்டும். RRN இருந்தால் மூன்று நிறுவனங்களின் பதிவிலும் உங்கள் பரிவர்த்தனையை ஒரே தேடலில் எடுத்துவிடலாம். கார்டின் கடைசி நான்கு இலக்கம் போதும், முழு எண்ணையும் பின் எண்ணையும் யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம். இயந்திரம் என்ன செய்தது என்பதையும் பார்த்தபடி எழுதுங்கள்: சத்தம் கேட்டதா, கதவு திறந்ததா, திரை அணைந்ததா. "பணம் வரவில்லை" என்று மட்டும் எழுதிய புகாரைவிட, "எண்ணும் சத்தம் பாதியில் நின்று திரை இருண்டது, கதவு திறக்கவில்லை" என்று எழுதிய புகாரை நாங்கள் எப்போதும் சீக்கிரம் முடித்தோம். ஜர்னலில் எந்த வரியைத் தேட வேண்டும் என்று அது நேராகச் சொல்லிவிடும்.